தலை தீபாவளிக்கு முன்னால் ஒரு மெசேஜ்

கேள்வி: எனக்கு வயது 31, சென்னையில் வேலை. திருமணமாகி ஐந்து மாதம். மனைவியின் ஊர் திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம்; பெரிய குடும்பம். தலை தீபாவளிக்கு அங்கே போகிறோம். அவள் நான்கு நாள் முன்னதாகவே கிளம்புகிறாள், நான் முதல் நாள்தான் போய்ச் சேருவேன். எனக்கு அப்பா இல்லை. இத்தனை வருடமும் நானும் அம்மாவும் மட்டும்தான் தீபாவளி கொண்டாடியிருக்கிறோம். கூட்டம், எண்ணெய்க் குளியல் எல்லாம் நினைத்தாலே படபடப்பாக இருக்கிறது. எனக்கு ஆட்டுக்கறி பிடிக்காது. மறுவீட்டு விருந்தில் சொல்ல வெட்கப்பட்டு இலைக்கு அடியில் ஒளித்துவைத்தேன். என் மனைவி எனக்குத் தெரியாமலேயே அம்மாவுக்குச் சேலை எடுத்து, தீபாவளிக்குச் சித்தி வீட்டில் இருக்கும்படி பேசி ஏற்பாடு செய்திருக்கிறாள். அதற்கு நன்றி சொல்லவேண்டும், என் பயத்தையும் சொல்லவேண்டும். தலை தீபாவளிச் சீராக மாமனார் மோதிரம் போடுவார்; தங்கம் விற்கிற விலையில் அவருக்கு அந்தச் செலவு வேண்டாம் என்றும் சொல்லவேண்டும். நேரில் வாய் வரவில்லை. இப்படி எழுதி வைத்திருக்கிறேன், அனுப்பலாமா?

"மீனா, உங்க வீட்டுக்கு வர்றது ரொம்ப டென்ஷனா இருக்கு. உங்க சொந்தக்காரங்க கூட்டம், கறி, எண்ணெய்க் குளியல் எதுவும் எனக்குப் பழக்கமில்ல. அம்மா வேற தனியா இருப்பாங்க. நீ ரொம்ப நல்லவ, எல்லாத்துக்கும் தேங்க்ஸ். ஆனா மாமாகிட்ட மோதிரம் வேணாம்னு சொல்லிடு. தப்பா எடுத்துக்காத."

பதில்: தம்பி, இதை அனுப்பாதீர்கள். எழுத நினைத்தது நல்ல காரியம், எழுதியிருப்பதுதான் சரியில்லை.

உங்கள் மெசேஜை முதலில் மீனாவின் இடத்தில் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். ஊருக்குப் போய் இரண்டாம் நாள். திண்ணையில் அப்பத்தா, அடுப்படியில் முறுக்குப் பிழியும் அம்மா, பக்கத்திலேயே தங்கச்சிமார். கையெல்லாம் மாவு. போன் சத்தம் போடுகிறது. "உங்க வீட்டுக்கு வர்றது ரொம்ப டென்ஷனா இருக்கு" என்று முதல் வரி திரையில் தெரிகிறது. அவள் அதைப் படபடப்பு என்று படிக்கமாட்டாள். 'இவருக்கு வரப் பிடிக்கவில்லை' என்றுதான் படிப்பாள். அதற்கு அடுத்த வரியில் "உங்க சொந்தக்காரங்க கூட்டம்". அவள் பிறந்து வளர்ந்த வீட்டைக் கூட்டம் என்று சொல்லியாயிற்று. இனி கீழே நீங்கள் என்ன நன்றி சொன்னாலும் அவள் காதில் ஏறாது. தன் வீட்டுக்காக மனத்துக்குள் வாதாட ஆரம்பித்திருப்பாள்.

இரண்டாவது தடவை உங்கள் இடத்தில் உட்கார்ந்து படித்தேன். அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. கடிதத்தில் எனக்கு இவ்வளவு விவரமாகச் சொன்ன ஒரு விஷயம் மெசேஜில் இல்லவே இல்லை. சேலையைக் காணோம், சித்தி வீட்டைக் காணோம். அதற்குப் பதில் "நீ ரொம்ப நல்லவ, எல்லாத்துக்கும் தேங்க்ஸ்" என்று இருக்கிறது. அதைவிட மோசம், "அம்மா வேற தனியா இருப்பாங்க" என்ற வரி. அம்மா தனியாக இருக்கக் கூடாது என்றுதானே அவள் சித்தியிடம் பேசி வைத்தாள்? செய்த வேலைக்கு நன்றி வருவதற்குப் பதில், அந்த வேலையே நடக்காத மாதிரி ஒரு குறை வந்து நிற்கிறது.

நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை. பயத்தை ஒரு பக்கமும் நன்றியை ஒரு பக்கமுமாகப் பிரித்து வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள், அதனால் வந்த கோளாறு. உங்கள் விஷயத்தில் இரண்டும் ஒரே கயிறு. உங்கள் மனத்தில் இருக்கும் பெரிய பயம் எண்ணெய்க் குளியல் அல்ல. அம்மா முதல்முறையாக நீங்கள் இல்லாமல் தீபாவளி விளக்கேற்றப் போகிறார் என்பதுதான். அந்தப் பயத்தை நீங்கள் வாய்விட்டுச் சொல்வதற்கு முன்பே மீனா கண்டுபிடித்து, அதற்கு ஒரு வழியும் செய்துவிட்டாள். ஆகவே பயத்தைச் சொன்னால்தான் நன்றிக்கு எடை வரும். 'ஒரு மாசமா இதை நினைச்சுக்கிட்டே இருந்தேன், உன்கிட்டக்கூடச் சொல்லல, நீயாப் பாத்துக்கிட்ட' என்று எழுதினால், அவள் செய்தது எத்தனை பெரிய காரியம் என்று அவளுக்கே அப்போதுதான் தெரியும். அவள் ஏதோ மரியாதைக்கு ஒரு சேலை எடுத்ததாக நினைத்துக்கொண்டிருக்கலாம்.

நன்றி சொல்லும்போது ஆளைப் புகழாமல், செய்த காரியத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். "நீ நல்லவ" என்பதை யாரும் யாருக்கும் சொல்லலாம். "அந்தச் சேலைக் கலர் வரைக்கும் யோசிச்சிருக்க" என்பதை நீங்கள் மட்டும்தான், மீனாவுக்கு மட்டும்தான் சொல்ல முடியும்.

'ஆம்பளை இப்படியெல்லாம் உருகி எழுதினால் அசட்டுத்தனமாக இருக்காதா?' என்ற கேள்வி உங்களுக்குள் இருக்கும். என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஆண்களில் பாதிப் பேர் அதைக் கேட்டுவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்கள். அமித் குமார், நிகோலஸ் எப்லி என்று இரண்டு உளவியலாளர்கள் 2018-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நன்றிக் கடிதம் எழுதியவர்களிடம், 'படிப்பவருக்கு எவ்வளவு சங்கடமாக இருக்கும்?' என்று முதலில் ஊகிக்கச் சொன்னார்கள். பிறகு படித்தவர்களிடமே கேட்டார்கள். எழுதியவர்கள் பயந்த அளவுக்குப் படித்தவர்களுக்குச் சங்கடம் இல்லை; ஊகித்ததைவிடச் சந்தோஷம்தான் அதிகம். எழுதுகிறவர் 'வார்த்தை சரியாக வந்திருக்கிறதா' என்று பார்க்கிறார், படிக்கிறவர் அதிலுள்ள பிரியத்தைப் பார்க்கிறார். அதனால் நடையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பேசுகிற தமிழிலேயே எழுதுங்கள்.

சரி, எண்ணெய்க் குளியலுக்கு வருவோம். அதில் என்ன நடக்கும் என்று தெரியாததால்தான் பாதிப் படபடப்பு. எங்கள் ஊர்ப்பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். விடியற்காலை நான்கு, நான்கரைக்கு எழுப்பிவிடுவார்கள். உங்களையும் மீனாவையும் மணையில் உட்காரவைத்து, வீட்டில் மூத்த பெண்மணி ஒருவர் நல்லெண்ணெயை உச்சந்தலையில் வைப்பார். மற்ற பெரியவர்களும் ஆளுக்கு ஒரு கை வைக்கலாம். கொழுந்தியாக்கள் கேலி செய்வார்கள், அது அவர்களுடைய உரிமை. ஐந்து பத்து நிமிடத்தில் அது முடிந்துவிடும். மீதி எண்ணெயை நீங்களே தேய்த்துக்கொண்டு, தனியாக வெந்நீரில் குளிக்கப் போகலாம். பிறகு லேகியம், மஞ்சள் தடவிய புதுத்துணி, பெரியவர்கள் காலில் விழுவது, வெடி. இருபது பேர் நடுவில் ஒரு மணி நேரம் வெற்று உடம்போடு உட்கார்ந்திருப்பது மாதிரி நீங்கள் கற்பனை செய்திருந்தால், அவ்வளவெல்லாம் இருக்காது. தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

ஆனாலும் வீட்டுக்கு வீடு முறை மாறும். அதனால் மெசேஜில் 'எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை' என்று நிறுத்தாமல், 'அன்னைக்குக் காலைல என்னென்ன நடக்கும்னு முன்னாடியே சொல்லிடு' என்று கேளுங்கள். முதல் வரிக்கு அவளால் பதில் சொல்ல முடியாது. இரண்டாவதற்கு அவள் சிரித்துக்கொண்டே இரண்டு நிமிடம் பேசுவாள். பயம் என்று மட்டும் சொன்னால் எதிரில் இருப்பவர் பாவம், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றுதான் சொல்லுவார். அந்தப் பதில் உங்களை எரிச்சல்படுத்தும். என்ன செய்தால் உங்களுக்கு லேசாக இருக்கும் என்று நீங்களே சொல்லிவிட்டால் அவளும் தடுமாறமாட்டாள்.

கறி விஷயம் சின்னதாகத் தெரியும். இந்த மெசேஜிலேயே அவசரமானது அதுதான். எங்கள் ஊர்ப்பக்கம் மாப்பிள்ளைக்குக் கறி விருந்து என்பது சாப்பாடு மட்டும் கிடையாது, மரியாதை. தீபாவளிக் காலையில் இட்லியும் கறிக்குழம்பும் இல்லாமல் தலை தீபாவளியா என்பார்கள். நல்ல துண்டு, ஈரல், நல்லி எலும்பு எல்லாம் உங்கள் இலைக்குத்தான் வரும். மறுவீட்டில் நீங்கள் ஒளித்துவைத்ததை உங்கள் அத்தை 'மாப்பிள்ளை கூச்சப்படுகிறார்' என்று எடுத்துக்கொண்டிருப்பார். அதற்கு இந்தத் தடவை இரண்டு கரண்டி கூடுதலாக விழும். இலையில் விழுந்த பிறகு 'வேண்டாம்' என்றால், பந்தியில் இருக்கும் யாராவது ஒரு பெரியப்பா, "மாப்பிள்ளைக்கு என்ன குறை?" என்று கேட்பார். இதையே இரண்டு மூன்று நாள் முன்னால் அடுப்படியில் மகள் அம்மாவிடம் சொன்னால் அது வெறும் தகவல்: "அவருக்கு ஆட்டுக்கறி ஆகாதும்மா." "அப்படியா, முன்னாடியே சொல்லக் கூடாதாடி?" அவ்வளவுதான்.

முன்னாடியே என்பதற்கு உங்கள் மாமனார் ஊரில் ஒரு கணக்கு உண்டு. திருமங்கலம் ஆட்டுச் சந்தை வெள்ளிக்கிழமைதோறும் கூடும். தீபாவளிக்கு முந்தைய வெள்ளி அங்கே நிற்க இடம் இருக்காது. ஊரில் நாலைந்து வீடு சேர்ந்து கிடாய் வாங்கிப் பங்கு போடுவது உண்டு. யாருக்கு எவ்வளவு, யார் வீட்டில் என்ன சமையல் என்பது அப்போதே முடிவாகிவிடும். அதனால் அந்த வெள்ளிக்கு முன்னால் உங்கள் மெசேஜ் போய்விடவேண்டும்.

சில வருடத்துக்கு முன்னால் ஒரு தம்பதி வந்தார்கள். அந்தத் தம்பியும் உங்களை மாதிரித்தான், கறி சாப்பிடாதவர். தலை தீபாவளிக்கு முதல் நாள் இரவு பதினோரு மணிக்குப் படுத்தபிறகு மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் எழுந்துபோய் அம்மாவிடம் சொல்ல, அம்மா மசாலா தடவி வைத்த கறியை ஓரமாக வைத்துவிட்டு, நடுராத்திரியில் குருமாவுக்குத் தேங்காய் துருவி இருக்கிறார். ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை. ஆனால் மகளுக்கு அது தாங்கவில்லை. என்னிடம் வந்தது வேறு பிரச்சினைக்கு. மூன்றாவது சந்திப்பில் அந்தப் பெண், "எங்கம்மாவ நடுராத்திரி தேங்கா துருவ வச்சீங்கல்ல" என்று அழுதது. அவர் கறி தின்னாததில் அந்தப் பெண்ணுக்கு வருத்தமே இல்லை. பதினோரு மணிக்குச் சொன்னதுதான் முள்ளாகத் தைத்திருக்கிறது.

இனி மோதிரம். அதை இந்த மெசேஜிலிருந்து அடியோடு எடுத்துவிடுங்கள். தங்கம் விற்கிற விலையில் மாமனாரைச் செலவுக்கு ஆளாக்கக் கூடாது என்ற உங்கள் எண்ணத்தில் எனக்கு முழு உடன்பாடு. சீர் என்ற பெயரில் பெண் வீட்டார் கடன் வாங்குவதைத் தினமும் பார்க்கிறவள் நான். ஆனால் நன்றிக்குப் பின்னால் "ஆனா" போட்டு அதைச் சேர்த்தால், நன்றி முழுவதும் அந்த ஒரு வேலைக்காகப் போட்ட பீடிகை மாதிரி ஆகிவிடும். அது தவிர, மோதிரத்தைப் பற்றி மீனாவின் நிலைமை உங்களுக்குத் தெரியாது. அவளே அப்பாவிடம் வேண்டாம் என்று சண்டை போட்டிருக்கலாம். அல்லது, 'எங்கப்பா எனக்காக ஆசையாச் செய்யுறது' என்று நினைக்கலாம். எழுதி அனுப்பினால் அவள் முகம் உங்களுக்குத் தெரியாது. அவள் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பு, வீட்டில் இருக்கும்போதே நேரில் கேளுங்கள்: "மோதிரம் எனக்கு வேணாம்னு தோணுது, நீ என்ன நினைக்கிற?" அதற்கும் முன்னால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். உங்கள் விரல் அளவை யாராவது கேட்டார்களா? மச்சினன் விளையாட்டாக மோதிரத்தைக் கழற்றிப் போட்டுப் பார்த்தானா? அப்படியென்றால் ஆசாரியிடமோ கடையிலோ கொடுத்தாயிற்று. செய்து வைத்த பொருளை வேண்டாம் என்பது அந்த மனிதரைச் சபையில் நிறுத்துவதாகும். அப்போது வாங்கிக்கொள்ளுங்கள்; 'அடுத்த பொங்கலிலிருந்து சீர் எதுவும் வேண்டாம்' என்பதைப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போய் மாமாவிடம் சொல்லலாம். அளவு கேட்கவில்லை என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. அதை அப்பாவிடம் மகள் சொல்வதுதான் முறை.

"தப்பா எடுத்துக்காத" என்ற கடைசி வரியும் வேண்டாம். அதைப் பார்த்ததும்தான், 'இதில் தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?' என்று மறுபடி மேலே போய்த் தேடுவார்கள்.

இதையெல்லாம் வைத்து, உங்கள் கடிதத்தில் நீங்கள் சொன்ன விஷயங்களைக் கொண்டே ஒன்று எழுதிப் பார்த்தேன்:

"மீனா, வேலையெல்லாம் முடிச்சிட்டுத் தனியா இருக்கும்போது படி. அவசரம் ஒண்ணுமில்ல.

அம்மாவுக்கு நீ சேலை எடுத்தது, சித்தி வீட்டுல இருக்கச் சொல்லிப் பேசினது எல்லாம் இப்பத்தான் தெரிஞ்சுது. நான் கிளம்பினா அம்மா தனியா விளக்கேத்தி வச்சு உக்காந்திருப்பாங்களேன்னு ஒரு மாசமா மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. உன்கிட்டக்கூடச் சொல்லல. நான் சொல்லாமயே நீ பாத்துக்கிட்ட. அதுக்கப்புறந்தான் எனக்குத் தலை தீபாவளிக்கு வர்ற சந்தோஷமே வந்துச்சு.

கொஞ்சம் படபடப்பாவும் இருக்கு. நானும் அம்மாவும் மட்டுமே கொண்டாடிப் பழகிட்டோம்ல. காலைல எண்ணெய் வைக்கிறதுல இருந்து யார் யார் கால்ல விழணும்கிற வரைக்கும் முன்னாடியே சொல்லிக் குடுத்துடு. அன்னைக்கு என் பக்கத்துலயே இரு.

கறி விஷயத்த மட்டும் அத்தைகிட்ட இப்பவே சொல்லிடுறியா? மறுவீட்டுல இலைக்கு அடியில ஒளிச்சத நினைச்சா இன்னும் வெக்கமா இருக்கு. இட்லிக்குச் சட்னி போதும், எனக்குன்னு தனியா எதுவும் செய்ய வேணாம்."

இதை அப்படியே காப்பி செய்து அனுப்பாதீர்கள். நீங்கள் "படபடப்பு" என்று பேசுவீர்களா, "ஒரு மாதிரியா இருக்கு" என்பீர்களா, எனக்குத் தெரியாது, மீனாவுக்குத் தெரியும். அடுத்தவர் எழுதிக் கொடுத்ததை அவள் ஒரு வரியில் கண்டுபிடித்துவிடுவாள். சேலைக் கலரோ, சித்தி போனில் சொன்னதோ, உங்களுக்கு மட்டும் தெரிந்த ஏதாவது ஒன்று உள்ளே இருக்கட்டும்.

முதல் வரி எதற்கு என்று கேட்பீர்கள். பண்டிகை வீட்டில் போன் ஒருவர் கையில் இருக்காது. பூட்டிய திரையிலேயே முதல் இரண்டு வரி தெரியும், பக்கத்தில் இருக்கும் கொழுந்தியா படித்துவிடுவாள். அதனால் தொடக்கத்தில் யார் பார்த்தாலும் பரவாயில்லை என்கிற மாதிரி ஒரு வரி. வாய்ஸ் மெசேஜாக அனுப்பலாமே என்று தோன்றினால், வேண்டாம். மாவுக் கையோடு அவள் தட்டிவிட, அது அடுப்படி முழுக்கக் கேட்கும். என் சிநேகிதி ஒருத்திக்கு நடந்திருக்கிறது. வீட்டுக்காரர் கொஞ்சிப் பேசிய ஒரு நிமிடத்தை நாத்தனாரும் மாமியாரும் சேர்ந்து கேட்டார்கள். பதினைந்து வருடமாக அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவர் மட்டும் இன்னும் சிரிக்கவில்லை.

அனுப்பிய பிறகு நீலக் குறி விழுந்தும் பதில் வராமல் இருக்கலாம். படித்துவிட்டாள், ஆனால் அதிரசப் பாகு பதம் தப்பிவிடும் என்று அம்மா கூப்பிட்டிருப்பார். "ஏன் ரிப்ளை இல்ல?" என்று துரத்தாதீர்கள். வெறும் சிரிப்புப் பொம்மை ஒன்று வந்தாலும் குறைவாக நினைக்காதீர்கள். கறியைப் பற்றி அத்தையிடம் சொன்னாளா என்பது ஒன்றைத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும், அதையும் மறுநாள் போனில் வேறு பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள்.

அப்புறம், பெட்டியில் பழைய வேட்டி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மணையில் உட்கார அதுதான் லாயக்கு. நல்ல வேட்டியில் நல்லெண்ணெய்க் கறை ஏறினால் லேசில் போகாது.